ஓ.ஈ.ரி. ஸ்பீக்கிங்கில் 330: உச்சரிப்பா காரணம்?

கேள்வி: வணக்கம் மிஸ். நான் இன்ரேர்ன்ஷிப் முடித்துவிட்டு கொழும்பில் ஒரு அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். பிரித்தானியாவில் டொக்டராகப் பதிவு செய்வதற்காக, சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.ஈ.ரி. எழுதினேன். லிஸ்னிங் 400, ரீடிங் 390, ரைட்டிங் 360. ஸ்பீக்கிங் மட்டும் 330, வேண்டிய 350 வரவில்லை. நான் எங்கேயும் தடுமாறவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன், ரோல்ப்ளே கார்டில் இருந்த எல்லா வேலைகளையும் நேரத்துக்குள் முடித்தேன். நோயாளியாக நடித்தவர்கூட சிரித்துச் சிரித்துத்தான் கதைத்தார். என் உச்சரிப்புத்தான் பிரச்சினையா? எலக்யூஷன் கிளாஸ் போகவா, இல்லாவிட்டால் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பக்கம் மாறவா?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: எலக்யூஷன் கிளாசுக்குக் காசு கட்டிவிடாதீர்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிரிப்பு. நோயாளியாக நடிப்பவர் உங்களுக்குப் புள்ளி போடுபவர் அல்ல. அவர் கையிலும் ஒரு கார்டு இருக்கிறது, அதன்படி நடிக்கிறார், அவ்வளவுதான். உங்கள் உரையாடலின் பதிவு பிறகு மதிப்பீட்டாளர்களிடம் போகிறது. ஒருவருக்கொருவர் தெரியாமல் குறைந்தது இரண்டு பேராவது அதைக் கேட்டுப் புள்ளி போடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது உங்கள் குரல். நம் ஆட்கள் நோயாளி சொல்வதைக் கேட்கும்போது அழகாகத் தலையாட்டுவோம். அது நேரில் இருப்பவருக்கு ஆறுதல், பதிவில் வெறும் மௌனம்.

அவர்கள் எதைக் கேட்கிறார்கள்? 2018இல் இருந்து ஸ்பீக்கிங் புள்ளிகள் இரண்டு கட்டாக இருக்கின்றன. ஒன்று மொழி. பேசுவது விளங்குகிறதா, சரளமாகப் போகிறதா, ஆளுக்கும் இடத்துக்கும் பொருத்தமான சொற்களா, இலக்கணமும் சொல்வளமும் எப்படி என்று நான்கு விடயங்கள். ஒவ்வொன்றுக்கும் 6, மொத்தம் 24. மற்றது நோயாளியோடு தொடர்பாடும் திறன். உறவை உண்டாக்குவது, நோயாளியின் பார்வையைப் புரிந்துகொண்டு அதைப் பயன்படுத்துவது, உரையாடலுக்கு ஒரு ஒழுங்கு கொடுப்பது, தகவல் பெறுவது, தகவல் கொடுப்பது என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 3, மொத்தம் 15. மருத்துவ அறிவுக்குத் தனியாக ஒரு புள்ளியும் கிடையாது. பெறுபேற்றுத் தாளில் 330 என்று மட்டும்தான் இருக்கும், எந்தக் கட்டில் விழுந்தது என்று இருக்காது. ஆனாலும் உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது இரண்டாவது கட்டில்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். கேட்டதையும் முடித்ததையும் சொல்கிறீர்கள். நோயாளி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொழும்பில் நீங்கள் ஆங்கிலம் பேசுவது யாரோடு? கன்சல்டன்ட் வாட் ரவுண்ட் வரும்போது, கூட வேலை செய்பவர்களோடு, பரீட்சை மேசையில். நோயாளியிடம் தமிழில் கதைக்கிறீர்கள், சிங்களத்தில் கதைக்கிறீர்கள். தமிழில் ‘அம்மா, எப்படி இருக்கிறீங்கள்’ என்று கட்டில் ஓரமாக நின்றாலே பாதி உறவு வந்துவிடுகிறது. அந்த ‘அம்மா’வும் ‘ஐயா’வும் செய்கிற வேலை ஆங்கிலத்தில் தானாக நடக்காது. அங்கே வாக்கியம் போட்டுத்தான் செய்ய வேண்டும். ஆகவே ஆங்கிலம் என்று வந்தவுடன் உங்கள் வாயில் வருவது கன்சல்டன்ட்டுக்குச் சொல்லப் பழகிய ஆங்கிலம். வேகமானது, சுருக்கமானது, பட்டியல் போட்டது. மூன்று பேர் பின்னால் காத்திருக்கும்போது ஹிஸ்ட்ரி எடுக்க அது நல்லது. ரோல்ப்ளேக்கு அதுதான் எதிரி.

சரி, ஒரு கார்டை எடுத்துப் பார்ப்போம். பயிற்சிக்கு நானே எழுதியது, ஆனால் உண்மைக் கார்டுகளின் அமைப்பு இப்படித்தான். இடம் ஒரு குடும்ப வைத்தியரின் கிளினிக். நோயாளிக்கு 55 வயது. மூன்று மாதத்துக்கு முன் உயர் இரத்த அழுத்தம் என்று கண்டு அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்திருக்கிறது. இன்றைக்குப் பிரஷர் 168க்கு 98. உங்கள் வேலைகள் இவை: மருந்து எப்படிப் போகிறது என்று அறிதல், அழுத்தம் கூடினால் வரக்கூடிய ஆபத்தை விளக்குதல், நோயாளியின் கவலையைத் தீர்த்தல், உணவும் பழக்கங்களும் பற்றிக் கேட்டல், சிகிச்சையைத் தொடர இணங்க வைத்தல்.

உங்கள் கார்டில் இல்லாதது ஒன்று நோயாளியின் கார்டில் இருக்கும். இரண்டு கிழமையாக மாத்திரையை நிறுத்திவிட்டார். பின்னேரங்களில் கணுக்கால் வீங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இதே மாத்திரை எடுத்தவர், இப்போது டயாலிசிஸில் இருக்கிறார். இதை அவர் தானாக முழுதாகச் சொல்ல மாட்டார். நுனியை மட்டும் காட்டுவார். நீங்கள் பிடித்தால் மிச்சம் வரும்.

வகுப்பில் டொக்டர்மார் முதல் தடவை செய்யும்போது பெரும்பாலும் நடப்பது இது. மாத்திரையை நிறுத்தியதை நோயாளி சொல்லிவிட்ட இடத்திலிருந்து, ஆங்கிலத்தில் நடப்பதைத் தமிழில் தருகிறேன்.

டொக்டர்: ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள்? பக்கவிளைவு ஏதாவது, தலைச்சுற்று, தலையிடி, வாந்தி இருந்ததா?
நோயாளி: வாந்தி ஒன்றும் இல்லை. பின்னேரத்தில் கால் கொஞ்சம் வீங்கும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் இந்த மாத்திரைதான் எடுத்தவர்.
டொக்டர்: ஓகே. சாப்பாட்டில் உப்பு கூடச் சேர்ப்பீர்களா? சிகரெட், குடி?

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. தடுமாற்றம் இல்லை. இருந்தாலும் அரை நிமிடத்துக்குள் நான்கு விடயங்களில் புள்ளி போய்விட்டது. முதல் கேள்வியில் ஐந்து கேள்விகள் ஒட்டியிருந்தன. அப்படிக் கேட்டால் நோயாளி கடைசியாகக் காதில் விழுந்த வாந்திக்கு மட்டும் பதில் சொல்வார், மற்றவற்றுக்கு என்ன பதில் என்று உங்களுக்கே தெரியாது. ‘ஏன் நிறுத்தினீர்கள்’ என்பதிலும் ஒரு விசாரணைத் தொனி இருக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு பக்கத்து வீட்டுக்காரர். இரத்த அழுத்தம் பற்றிக் கேட்டால் ஒருவர் அயலவரைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்? அது நடிகரின் கார்டில் எழுதியிருக்கிற துப்பு, உங்களுக்காகவே போட்டது. அதை ‘ஓகே’ என்று தாண்டினீர்கள். கடைசியாக, வீக்கத்திலிருந்து உப்புக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பாய்ந்தீர்கள்.

இப்போது அதே இடத்தை இப்படி நடத்திப் பாருங்கள்.

டொக்டர்: மாத்திரை தொடங்கியதிலிருந்து உங்களுக்கு எப்படிப் போகிறது என்று கொஞ்சம் சொல்லுங்கள்.
நோயாளி: உண்மையைச் சொன்னால், இரண்டு கிழமையாக எடுக்கவில்லை. பின்னேரத்தில் கால் வீங்குது. பக்கத்து வீட்டுக்காரரும் இதுதான் எடுத்தவர்.
டொக்டர்: சொன்னது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் என்றீர்கள், அவருக்கு என்ன நடந்தது?
நோயாளி: அவர் இப்போ டயாலிசிஸில்.
டொக்டர்: அதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், இங்கே உங்கள் காலும் வீங்குகிறது. பயம் வரத்தான் செய்யும். மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்றுதான் நிறுத்தினீர்கள், நான் சரியாக விளங்கிக்கொண்டேனா?

இதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. சாதாரண தர மாணவருக்கே தெரிந்த சொற்கள். ஆனால் திறந்த கேள்வி, நிறுத்தியதைக் குற்றமாக எடுக்காத தொனி, துப்பைப் பிடித்தது, பயத்தைப் பெயர் சொல்லி ஏற்றது, விளங்கியதைச் சரிபார்த்தது என்று எல்லாம் வந்துவிட்டன. ‘டோன்ட் வொரி’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். என்ன கவலை என்று தெரிவதற்கு முன் கவலைப்படாதே என்றால், நோயாளி காதில் அது ‘அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்’ என்றுதான் விழும்.

அடுத்தது விளக்கம். இங்கேதான் நம் டொக்டர்மார் நிமிடக்கணக்கில் ஒரே மூச்சில் பேசிவிடுவார்கள். பக்கவாதம், மாரடைப்பு, கண், சிறுநீரகம் என்று பாடப்புத்தகம் ஒழுங்காக வரும். நடிகர் இடையில் ‘ம்’ கொட்டுவார், நீங்கள் நன்றாகப் போகிறது என்று நினைப்பீர்கள். மதிப்பீட்டாளர் கேட்பது வேறு. நோயாளிக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேட்டீர்களா? ஒரு துண்டு சொல்லி நிறுத்தினீர்களா? அவர் சொன்ன பயத்தோடு உங்கள் விளக்கத்தை இணைத்தீர்களா?

இந்த நோயாளிக்குப் பயம் சிறுநீரகம் என்று தெரிந்த பிறகு, மாரடைப்பில் தொடங்குவது வீண். கால் வீக்கத்தில் தொடங்குங்கள். இந்த மாத்திரை சிறிய இரத்தக் குழாய்களை விரிக்கும், அதனால் கொஞ்சம் நீர் கணுக்காலில் கசிந்து தங்கும், சிறுநீரகம் பழுதானதால் வருகிற வீக்கம் அல்ல. இவ்வளவும் ஒரு துண்டு. நிறுத்துங்கள். ‘இதுவரை சொன்னது எப்படிப் படுகிறது?’ அவர் ஏதாவது சொல்லுவார், சொல்ல விடுங்கள். அப்புறம் அடுத்த துண்டு: சிறுநீரகத்தை வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம்தான், இன்றைய 168 அதனால்தான் எனக்குக் கவலை தருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் அப்படி வந்தது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அவர் உங்கள் நோயாளி அல்ல, அதை அப்படியே சொல்லிவிடலாம்.

பார்த்தீர்களா, கார்டில் இரண்டாவதாக இருந்த ‘ஆபத்தை விளக்குதல்’ மூன்றாவதான ‘கவலையைத் தீர்த்தல்’ உள்ளேயே வந்துவிட்டது. வரிசை மாறினால் பிழையில்லை. ஆனால் ஒரு விடயத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். ‘மாத்திரையைப் பற்றிக் கதைத்துவிட்டோம், இனி உங்கள் சாப்பாட்டைப் பற்றி ஒன்றிரண்டு கேட்கலாமா?’ போதும். உரையாடலின் ஒழுங்குக்கான புள்ளியில் பெரும்பங்கு இந்த மாதிரி ஒற்றை வரிகளில்தான் இருக்கிறது.

இணங்க வைக்கும் கட்டத்தில், நடிகர் உடனே சரி சொல்ல மாட்டார். அப்படித்தான் அவர் கார்டில் இருக்கும். அந்த நேரத்தில் குரலை உயர்த்தி ஆபத்துகளைத் திரும்ப அடுக்குவது நம் வாட் பழக்கம். அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு தெரிவைக் கொடுங்கள்: வேறு வகை மாத்திரைக்கு மாற்றலாம், இரண்டு கிழமையில் திரும்பப் பார்க்கலாம், எது உங்களுக்கு வசதி? எந்த மருந்துக்கு மாற்றுவது என்று மூளையைக் கசக்க வேண்டாம், அதற்கு இங்கே புள்ளி இல்லை. முடிக்கும்போது ‘விளங்கியதா?’ என்று கேட்டால் எல்லாரும் ஆமென்பார்கள். ‘வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

இவ்வளவும் ஐந்து நிமிடத்துக்குள் முடியுமா என்று கேட்பீர்கள். சில வேளை முடியாது. கடைசி வேலை தொடாமல் மணி அடித்தாலும் அதற்காக மட்டும் உங்கள் புள்ளியைக் குறைக்க மாட்டார்கள். ஐந்தையும் ஓடி முடிப்பதைவிட மூன்றை ஒழுங்காகச் செய்வது மேல். ஆயத்தத்துக்குத் தருகிற 3 நிமிடத்தில் வாக்கியங்களை மனதில் எழுதிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வேலையிலும் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘அறிதல்’ என்றால் நீங்கள் கேட்க வேண்டும், ‘விளக்குதல்’ என்றால் துண்டு துண்டாகச் சொல்ல வேண்டும், ‘தீர்த்தல்’ என்றால் எங்கோ ஒரு பயம் ஒளிந்திருக்கிறது. அந்தப் பயம் என்னவாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு போங்கள், ஆனால் ஊகத்தை நோயாளி வாயில் திணிக்காதீர்கள்.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். யாழ்ப்பாணத்து வாடையோ கொழும்பு வாடையோ புள்ளியைக் குறைக்காது, கேட்பவர் சிரமப்பட வேண்டியிருந்தால்தான் குறையும். நம்மவர் பேச்சில் சிரமம் தருவது வேகமும் ஒரே சுருதியும். சொல்லின் கடைசி மெய்யை விழுங்குவதும் உண்டு, அப்போது இறந்தகாலமும் பன்மையும் காணாமல் போய்விடும். துண்டு துண்டாகச் சொல்லி நிறுத்தப் பழகினாலே வேகம் பாதி குறைந்துவிடும். எலக்யூஷன் பரிசளிப்பு விழா மேடைக்கு நல்லது.

பயிற்சிக்கு ஒரு யோசனை. ஒத்திகைக்குச் சக டொக்டர் வேண்டாம். அவர் ‘எடிமா’ என்றாலும் ‘கொம்ப்ளையன்ஸ்’ என்றாலும் தலையாட்டுவார், நீங்கள் பாதி சொன்னால் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். வங்கியில் வேலை செய்யும் சிநேகிதி, ஏ.எல். படிக்கும் தம்பி, ஆங்கிலம் தெரிந்த மாமி, யாராவது மருத்துவம் தெரியாதவராக இருக்கட்டும். ஓ.ஈ.ரி. இணையத்தளத்தில் மாதிரிக் கார்டுகள் இலவசமாகவே இருக்கின்றன. நோயாளியின் கார்டை நீங்கள் பார்க்காமல் அவரிடம் கொடுங்கள். விளங்காத சொல் வந்தால் உடனே ‘அது என்ன?’ என்று நிறுத்தச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்து, அன்றிரவே கேளுங்கள். கேட்கும்போது இலக்கணத்தைத் தேடாதீர்கள். ஒன்றுக்கு மேல் ஒட்டிய கேள்வி எத்தனை, நோயாளி நுனியைக் காட்டிய பிறகு உங்கள் அடுத்த வரி என்ன, நிறுத்தாமல் பேசிய மிக நீளமான துண்டு எவ்வளவு நேரம். இந்த மூன்றையும் மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். நீளமான துண்டு இருபது வினாடிக்கு மேல் போனால் அங்கே விரிவுரை நடந்திருக்கிறது.

கிளினிக்கிலும் இதைச் செய்யலாம். ஒரு அம்மாவுக்குத் தமிழில் நன்றாக விளங்கப்படுத்திவிட்டு வந்தீர்கள் என்றால், தேநீர் குடிக்கும்போது அதையே ஆங்கிலத்தில் ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பாருங்கள். எங்கே உங்களுக்குச் சாதாரணச் சொல் வராமல் வைத்தியச் சொல் வருகிறதோ, அதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ். பற்றி. பிரித்தானியாவில் டொக்டர்மாரைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் கேட்பது அக்கடமிக் வகையில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7க்குக் குறையாமல். அதன் ரைட்டிங்கில் பொதுவான தலைப்பில் கட்டுரை எழுத வேண்டும், நான் பார்த்த டொக்டர்மார் பலரும் சிக்கியது அந்த 7இல்தான். மூன்று பகுதி தாண்டிய நீங்கள் அங்கே போய்ப் புதிதாகத் தொடங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மறுமதிப்பீடு கேட்கலாம், ஆனால் ஏற்கனவே இரண்டு பேர் போட்ட புள்ளி 20 கூடி வரும் என்று நம்பிக் காசைப் போட மாட்டேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஓ.ஈ.ரி.யில் நான்கிலும் 350 ஒரே தடவையில் வர வேண்டும் என்பதுதான் கவுன்சிலின் விதி, ஆகவே நீங்கள் நான்கையும் திரும்ப எழுதத்தான் போகிறீர்கள். உங்கள் ரைட்டிங் கோட்டுக்கு 10 மேலேதான் நிற்கிறது. ஸ்பீக்கிங்கில் மூழ்கி அதைக் கைவிட்டால், அடுத்த பெறுபேற்றில் ஸ்பீக்கிங் 370, ரைட்டிங் 340 என்று வரும். ரைட்டிங் பரீட்சையில் வருவது போலக் கிழமைக்கு ஒரு கடிதம், 5 நிமிடம் வாசிப்பு, 40 நிமிடம் எழுத்து, உள்ளடக்கம் 180 முதல் 200 சொல் வரை. கடிதத்தைப் பெறும் டொக்டர் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் பந்தியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் நோட்டில் இருந்த எல்லாவற்றையும் அடைக்காமல், அந்த டொக்டருக்குத் தேவையில்லாததை வெட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.